"இஃப்" பாடத்தில் தோற்பது பிள்ளைகள் அல்ல

தரம் 10இல் "இஃப்" வாக்கியம் தொடங்கும் நாளில் இங்கிலிஷ் படிப்பிக்கிற எங்களில் பலர் செய்வது ஒன்றுதான். பலகையில் ஒரு சூத்திரம்: இஃப், நிகழ்காலம், பிறகு வில். அதன்கீழ் பத்து இடைவெளி நிரப்பல். மணி அடிக்கும்போது பத்துக்கு ஒன்பது சரி. மறுநாள் பேசச் சொன்னால் ஒருவன் "இஃப் இட் வில் ரெய்ன்" என்கிறான். இன்னொருத்தி "இஃப் இட் ரெய்ன்ட் டுமோரோ, ஐ வில் கம் லேட்" என்கிறாள். உடனே நாங்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்: "இதுகளுக்கு ஏறாது."

ஏறாமல் இல்லை. நாளை நடப்பதற்கு வில் என்று படிப்பித்தது நாங்கள்தானே? அவன் அதைத்தான் போட்டான். அவளுடைய பிழை தமிழிலிருந்து வந்தது. பெய்தது, பெய்தால், வந்தான், வந்தால். தமிழில் "ஆல்" இறந்தகால வடிவத்தில்தான் ஒட்டுகிறது. நாளைய மழையையும் "பெய்தால்" என்றே சொல்கிறோம். இதைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். ஆனால் இங்கிலிஷ் பாடத்தில் தமிழ் பேசினால் எங்களுக்குக் கௌரவக் குறைவு!

நாற்பது நிமிடப் பாடவேளையை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் சூத்திரம் வேண்டாம். "நாளைக்கு மெட்ச். மழை பெய்தால் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். வரும் பதிலைப் பலகையில் எழுதுங்கள்: "இஃப் இட் ரெய்ன்ஸ் டுமோரோ, வி வில் ப்ளே கெரம்." பிறகு மூன்று கேள்வி. மழை பெய்துவிட்டதா? இல்லை. பெய்வது நிச்சயமா? இல்லை. எப்போதைய மழை? நாளையது. அப்படியென்றால் "ரெய்ன்ஸ்" வடிவத்தில் நிகழ்காலம், பொருளில் நாளை. சூத்திரத்தை இனி அவர்களே சொல்வார்கள்.

அடுத்த இருபது நிமிடம் சங்கிலி. ஒருவன்: "இஃப் ஐ மிஸ் த பஸ், ஐ வில் பி லேட்." பக்கத்தில் இருப்பவன்: "இஃப் ஐ ஆம் லேட், த டீச்சர் வில் பி ஆங்ரி." அடுத்தவள்: "இஃப் த டீச்சர் இஸ் ஆங்ரி, ஷி வில் கோல் மை மதர்." முன்னவர் சொன்ன வில்லை அடுத்தவர் கழற்றியே ஆகவேண்டும். விளங்காத பிள்ளை "இஃப் ஐ வில் பி லேட்" என்று அதை அப்படியே தூக்கி வரும். இடைவெளி நிரப்பலில் ஒளிந்திருந்த பிழை இங்கே காதில் விழும். கடைசிப் பத்து நிமிடத்தில் உம்மாவுக்கு ஒரு வாக்குறுதி, தம்பிக்கு ஒரு எச்சரிக்கை எழுதட்டும்.

"சிலபஸ் முடியவில்லை" என்று அதே நாளில் இரண்டாம் வகையையும் திணிக்காதீர்கள். அதில் இஃப் பக்கம் இறந்தகால வடிவம் வரும். "பெய்தால்" குழப்பத்தில் இருக்கும் பிள்ளை தன் பிழைதான் சரி என்று முடிவுகட்டிவிடும்.

பத்துக்கு ஒன்பது போட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும் நாங்கள், அந்த ஒன்பதில் எத்தனையை அந்தப் பிள்ளை வாயால் சொல்லும் என்று கேட்டுப் பார்த்திருக்கிறோமா?