சரிவு தொடங்கும் நொடி

யூடியூப் ஸ்டுடியோவின் பார்வையாளர் தக்கவைப்பு வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி "எங்கே வெட்டலாம்?" என்று கேட்பவர்கள், பெரும்பாலும் கோடு தரைதட்டிய இடத்தையே சுட்டுகிறார்கள். பார்க்க வேண்டியதோ, அது சரியத் தொடங்கும் இடம். எட்டு நிமிட பிரியாணி வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்கிரீன்ஷாட்டில் விரல் வைத்தால் நேரம் காட்டாது, அளந்துதான் ஆக வேண்டும். வரைபடத்தில் கோடு தொடங்கும் இடத்திலிருந்து (படத்தின் ஓரத்திலிருந்து அல்ல) முழு அகலம் 960 பிக்சல், சரிவு 240-இல் ஆரம்பம் என்றால் அது கால் பங்கு, அதாவது 2:00. பத்து நொடி முன்னாலிருந்து ஓடவிட்டால் காரணம் தெரிந்துவிடும்: மசாலாப் பொருட்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டும் 40 நொடிகள். இனிதான் முக்கியமான கேள்வி. 2:40-இல் கோடு திரும்ப எழுகிறதா? எழுந்தால் பலர் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து, வெங்காயம் வதங்கும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். பட்டியலை வெட்டிவிட்டு, அளவுகளை வதக்கும் காட்சியின் மேல் எழுத்தாகப் போட்டால் போதும். எழாமல் படிக்கட்டுபோல் கீழேயே நின்றால் அவர்கள் வீடியோவை விட்டே போய்விட்டார்கள். அப்போது வதக்கலையே 2:00-க்கு முன்னால் கொண்டுவர வேண்டும். வெளியிட்ட வீடியோவில் ஸ்டுடியோ எடிட்டரால் காட்சியை வெட்ட முடியும், எழுத்து சேர்க்கவோ காட்சியை இடம் மாற்றவோ முடியாது. எனவே எழுத்து போடுவதும் வதக்கலை முன்னால் கொண்டுவருவதும் அடுத்த வீடியோவுக்கே. இந்த வீடியோவில் பட்டியலை வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.