அசல் எங்கேயும் போகாதாம்!

ஊரில் யார் கடையை விற்றாலும் அந்த வாரமே ஒரு யோசனை வீடு தேடி வந்துவிடுகிறது: "மொத்தத்தையும் பேங்க்கில் போட்டுவிட்டு வட்டியில் சாப்பிடுங்கள், அசல் எங்கேயும் போகாது." மளிகைக் கடை, மருந்துக் கடை, அச்சகம், அரிசி மண்டி என்று எதை விற்றாலும் இதே வசனம்தான். சொல்பவர் குரலில் இருக்கும் நிம்மதியைக் கேட்டால், விலைவாசி என்று ஒன்று இந்த நாட்டில் இருப்பதே சந்தேகமாகிவிடும். முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்து, துவரம் பருப்பு விலை ஏறியதையெல்லாம் தன் கையாலேயே எழுதி மாட்டியவரிடம் போய் இதைச் சொல்கிறார்கள். அவரும் தலையாட்டுகிறார் என்பதுதான் எரிச்சல்.

அசல் எங்கேயும் போகாது என்பதை ஒரே ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் நடக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004இல் வந்தது. அப்போது வட்டி 9 சதவீதம், உச்சவரம்பு 15 லட்சம். அரசே உத்தரவாதம் தருவதால் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அன்று 60 வயதில் 15 லட்சத்தைப் போட்டவருக்கு மாதக் கணக்கில் 11,250 ரூபாய் வந்தது. கணக்கு முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே வந்து, 2020 அக்டோபரில் மறுபடி போட்டிருந்தால் வட்டி 7.4 சதவீதம்தான், மாதம் 9,250. இடையில் விலைவாசி என்ன செய்தது? வருமான வரித்துறை ஆண்டுதோறும் அறிவிக்கும் விலையேற்றக் குறியீடு 2004-05இல் 113, 2020-21இல் 301. நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கை மட்டுமே கணக்கில் எடுக்கும் கஞ்சத்தனமான குறியீடு அது. அதன்படியே பார்த்தாலும், 11,250 ரூபாயில் ஓடிய குடும்பம் அதே மாதிரி ஓட 2020இல் சுமார் 30,000 வேண்டும். கையில் வருவதோ 9,250. பெரியவருக்கு அப்போது வயது 76. அசல் எங்கேயும் போகவில்லை, உண்மைதான். 15 லட்சம் என்ற எண் பாஸ்புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்த எண்ணை வைத்து வாங்கக்கூடிய பொருள்தான் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகச் சுருங்கிவிட்டது.

இந்த யோசனையைச் சொல்பவர்கள் யார் என்று கவனித்தால் மர்மம் விலகும். பெரும்பாலும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள். அவர்களுடைய வாழ்க்கையில் இது பலிக்கவும் செய்கிறது. காரணம், அவர்களுக்கு வைப்பு நிதி என்பது மேல் வருமானம். விலைவாசியோடு மல்லுக்கட்டுவது அவர்களுடைய ஓய்வூதியம். மத்திய அரசு ஓய்வூதியருக்கு 2016இல் புதிதாகத் தொடங்கிய அகவிலைப்படி 2025 ஜூலையில் 58 சதவீதம். அதாவது விலை ஏற ஏற ஓய்வூதியமும் ஏறுகிறது. கடைக்காரருக்கு அகவிலைப்படி தருபவர் யார்? அவருக்காக 2019இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: வணிகர்களுக்கான தேசிய ஓய்வூதியத் திட்டம். 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும், 60 வயதுக்கு மேல் மாதம் 3,000 ரூபாய் வரும். இன்று 60 வயதில் கடையை விற்பவருக்கு அது வந்தபோதே சேரும் வயது தாண்டிவிட்டது. சேர முடிந்தவருக்கும் அந்த 3,000 ரூபாய் விலைவாசியோடு ஏறாது. இத்தனை வருடம் விற்பனை வரியும் ஜிஎஸ்டியும் வசூலித்துக் கட்டிய ஆளுக்கு அரசின் பதில் இது. பக்கத்து வீட்டு ஓய்வூதியர், இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், தன் மருந்துச் சீட்டை அவருக்கு எழுதித் தருகிறார்.

சரி, கணக்கை இன்றைக்குக் கொண்டுவருவோம். 60 வயது மளிகைக்காரர், மனைவிக்கு 55. சரக்கு, அட்வான்ஸ், கடைப் பெயருக்குக் கிடைத்த தொகை எல்லாம் வந்து, மொத்த வியாபாரிகள் பாக்கியையும் வரியையும் கட்டியபின் கையில் நிற்பது 75 லட்சம் என்று வைப்போம். (நிறைய பேர் வரி கட்டும் முன்னாலேயே மொத்தத் தொகைக்கு வட்டி போட்டுப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள்.) வீட்டுச் செலவு மாதம் 40,000. 7 சதவீதத்தில் போட்டால் மாதம் 43,750 வரும். செலவு போக மீதிகூட இருக்கிறது! ஆனால் செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், மூன்றாம் ஆண்டிலேயே வட்டி போதாமல் அசலில் கை வைக்க வேண்டும். பதின்மூன்றாம் ஆண்டில் செலவு 80,000 ஆகிவிடும். இப்படியே போனால் 75 லட்சமும் 17, 18 ஆண்டுகளில் தீரும். அப்போது அவருக்கு வயது 77 அல்லது 78. மனைவிக்கு அவரைவிட ஐந்து வயது குறைவு. எங்கேயும் போகாத அசல் அந்த அம்மாளுக்கு மிச்சமில்லை.

"அதற்காகப் பங்குச் சந்தையில் போட்டுச் சூதாடச் சொல்கிறாயா?" என்பார்கள். மொத்தத்தையும் போடுவது சூதாட்டம்தான், மறுப்பில்லை. 2008இல் நிஃப்டி தன் உச்சத்திலிருந்து பாதிக்கு மேல் சரிந்தது. அந்த ஆண்டு சாப்பாட்டுக்கு அதை விற்க வேண்டியிருந்தவர் எழுந்திருக்கவே முடியாது. ஆகவே சாப்பாட்டுப் பணம் வேறு, பத்து வருடம் கழித்து வேண்டிய பணம் வேறு என்று பிரிக்க வேண்டும். 75இல் 30 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில். இன்று ஒருவருக்கு உச்சவரம்பு அதுதான். 8.2 சதவீதம் என்றால் மாதம் 20,500. இன்னொரு 15 லட்சம் வங்கி வைப்பில், முடியும் தேதிகளை வரிசையாகப் பிரித்து. மாதச் செலவில் விழும் துண்டு இதிலிருந்து. ஒரே வங்கியில் குவிக்கவும் வேண்டாம்: வங்கி கவிழ்ந்தால் காப்பீடு ஒருவருக்கு 5 லட்சம்தான். மீதி 30 லட்சம் நிஃப்டி குறியீட்டு நிதியில், ஒரே நாளில் இல்லாமல் ஒன்றிரண்டு வருடத்தில் தவணையாக. அதைப் பத்து வருடம் தொடக் கூடாது. முதல் 45 லட்சம் ஏறத்தாழ 11 ஆண்டு ஓடும். குறியீட்டு நிதி 10 சதவீதம் வளர்ந்தால், மொத்தப் பணமும் 81, 82 வயது வரை நிற்கும். வளரும் என்று எவரும் எழுதித்தர முடியாது. ஆனால் முந்தைய வழியில் பணம் தீர்ந்துபோவது எழுதித்தந்த மாதிரி நிச்சயம். நாலு வருடம்தானே என்று சிரிப்பவர், அது எந்த நாலு வருடம் என்று யோசிக்கட்டும்.

"வீடு வாங்கி வாடகைக்கு விடலாமே" என்பது அடுத்த மந்திரம். 75 லட்சத்து வீட்டுக்கு மாதம் 20,000 வாடகை கிடைத்தால் ஆண்டுக்கு 3.2 சதவீதம், அதிலிருந்து வீட்டு வரி, வெள்ளையடிப்பு, ஆள் வராத மாதங்கள். வாடகை ஏறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செலவு 40,000 என்றால் முதல் மாதமே பாதிதான் கையில். மருத்துவமனை கேட்கும்போது சமையலறையை மட்டும் விற்கவும் முடியாது. இதைவிட மோசம், "மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர் இரண்டு வட்டி தருகிறார்" என்பது. ஆண்டுக்கு 24 சதவீதம் தருகிறேன் என்பவருக்கு வங்கி ஏன் கடன் தரவில்லை என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பிள்ளைகளுக்கு அசலை அப்படியே விட்டுப்போக வேண்டும் என்ற ஆசை வேறு இருக்கிறது. பணம் தீர்ந்த பெற்றோரைச் சுமப்பது அதே பிள்ளைகள்தான்.

கடையை விற்கப் பேச்சு நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று: விலை பேசும்போது வட்டியைப் பெருக்கிப் பார்க்காதீர்கள். வீட்டின் ஓராண்டுச் செலவை எழுதி, கைக்கு வரும் தொகையை அதால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன மளிகைக்காரருக்கு அது பதினைந்தரை. உங்களுக்கும் அந்த அளவுதான் வந்தால், கடையை இன்னும் இரண்டு வருடம் நடத்துங்கள்.