மேகம் இறங்கினால் விலை ஏறியதாக ஆகுமா?

2020 செப்டம்பர் இரண்டாம் வாரம். அக்கா மகன் கான்சாபுரத்துக்கு வந்து, செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "மாமா, நிஃப்டி வாராந்தர சார்ட்ல மேகத்துக்கு மேல வந்துருச்சு. இனி ஏத்தம்தான். அம்மா நகையை வச்சுப் போட்டுரலாம்னு பாக்கேன்" என்றான்.

இச்சிமோக்கு சார்ட் எனக்குப் பிடிக்கும். கோயிச்சி ஹோசோடா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் கணினி இல்லாத காலத்தில் உருவாக்கியது. என் சண்டை அதோடு இல்லை. "மேகம் வருங்காலத்தைக் காட்டும், மேலே வந்தால் வாங்கு, கீழே போனால் விற்றுவிடு" என்று சொல்லிக்கொடுக்கிறவர்களோடுதான்.

மேகம் எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். கடந்த 9 வார உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி இரண்டால் வகுத்தால் டென்கன். 26 வாரத்துக்கு அப்படிச் செய்தால் கிஜுன். இந்த இரண்டின் சராசரி மேகத்தின் ஒரு விளிம்பு. 52 வார உச்சம், தாழ்வின் நடு இன்னொரு விளிம்பு. இரண்டையும் 26 வாரம் முன்னே தள்ளி வரைகிறார்கள். அதாவது இன்றைய விலைக்குப் பக்கத்தில் நிற்கும் மேகம் ஆறு மாதத்துக்கு முந்தைய கணக்கு. மலை மேல் நிற்கும் மேகத்தைப் பார்த்து மழை வருமா என்று நாம் சொல்கிறோமே, அதுவாவது இன்றைய மேகம்!

அன்று நோட்டை எடுத்து அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

செப்டம்பர் 4-ல் முடிந்த வாரத்தில் நிஃப்டி 11,334. அந்த வார மேகம் மார்ச் 6-ல் முடிந்த வாரத்திலிருந்து வந்தது. அன்றைக்கு 52 வார உச்சம் 12,430, தாழ்வு 10,637. நடு ஏறக்குறைய 11,530. மற்ற விளிம்பு 11,590. ஆகவே விலை மேகத்துக்குக் கீழே, மேகம் எதிர்ப்பு.

அடுத்த வாரம், செப்டம்பர் 11, நிஃப்டி 11,464. இந்த வார மேகம் மார்ச் 13-ல் முடிந்த வாரத்துக் கணக்கு. அந்த வாரம் கொரோனா பயத்தில் நிஃப்டி 8,555 வரை விழுந்தது. 9, 26, 52 வாரம் மூன்றுக்குமே உச்சம் அதே 12,430, தாழ்வு அதே 8,555. ஆகவே இரண்டு விளிம்பும் ஒரே இடத்தில், 10,490-ல் சேர்ந்துவிட்டன.

விலை ஏறியது 130 புள்ளி. மேகம் இறங்கியது ஆயிரத்துக்கும் மேல். மருமகன் பார்த்த 'உடைப்பு' மார்ச் மாதச் சரிவின் நிழல்.

"பின்தங்கிய கோடும் மேலதானே இருக்கு மாமா?" என்றான். அது இன்றைய விலையை 26 வாரத்துக்கு முந்தைய விலையோடு ஒப்பிடுவது. அந்த வாரம் எது? அதே சரிவு வாரம்தான். ஒரே சாட்சி சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டு தடவை கூண்டேறினால் இரண்டு சாட்சி ஆகுமா?

ஆதரவு எங்கே என்று கேட்டேன். மேகத்தைக் காட்டினான். அது 970 புள்ளி கீழே, எட்டரை சதவீதம். நகைக்கடன் வட்டி தனி. செப்டம்பர் 24 அன்று நிஃப்டி 10,790 வரை இறங்கியது. அதற்குள் மேகம் 9,970-க்குப் போய்விட்டது. விலை இறங்க இறங்க ஆதரவும் இறங்கினால் அதன் மேல் எப்படிச் சாய்வது?

உண்மையான உடைப்பும் அதே ஆண்டில் நடந்தது. மார்ச் 6-ல் முடிந்த வாரம் மேகத்தின் அடிவிளிம்பு 11,050. பல வாரமாக அசையாமல் நின்ற மட்டம் அது. முந்தைய வாரம் மேகத்துக்குள் 11,202-ல் இருந்த நிஃப்டி, 10,989-ல் முடிந்து அதை உடைத்தது. அங்கே நகர்ந்தது விலை, நின்றது மேகம். அந்த வாரம் வெளியேறியவர் மார்ச் 24-ன் 7,511-ஐ வேடிக்கை பார்த்திருப்பார்.

"ஆனா டிசம்பர்ல 13,980 போச்சே" என்று இன்றும் கேட்கிறார்கள். போனது. ஆனால் அதற்கு மேகம் சாட்சி சொல்லவில்லை. 7,511-லிருந்து பாதிக்கு மேல் ஏறிய பிறகுதான் அது வழிவிட்டது.

ஆகவே நண்பர்களே, விலை மேகத்தைத் தாண்டினால் முந்தைய வார மேகத்தின் எண்ணையும் இந்த வார எண்ணையும் எழுதிப் பாருங்கள். எது அதிகம் நகர்ந்தது, விலையா மேகமா? சில தளங்கள் நடப்பு வாரத்தையும் சேர்த்து 26 எண்ணுவதால் மேகம் ஒரு வாரம் முன்பே மாறும். கேள்வி அதேதான். மேகம்தான் நகர்ந்தது என்றால் அது சமிக்ஞை இல்லை. டென்கனும் கிஜுனும் விலைக்குக் கீழே பிரிந்து ஏறும் வரை பொறுங்கள்.

அக்காவின் நகை பெட்டியிலேயே இருந்தது. மருமகனுக்கு என் மேல் வருத்தம்தான். ஏறிய சந்தையை இழந்தான் என்பதும் உண்மைதான். அடுத்த முறையும் இதையேதான் சொல்வேன்.