மூச்சு வாங்கும் தமிழ்

ஆங்கில விவரணப்படம் ஒன்றைத் தமிழ் ஒலியோடு பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் உடனே தட்டுப்படும். படம் நிதானமாக நகர்கிறது. யானை மெதுவாக நடக்கிறது, பனி மெதுவாக உருகுகிறது. ஆனால் பின்னணிக் குரல் மட்டும் கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற மாதிரி ஓடுகிறது. வாக்கியங்களின் கடைசியில் வரும் 'கிறது', 'கின்றன' எல்லாம் பாதி விழுங்கப்பட்டு, ஒரு காட்சிக்கான வரி அடுத்த காட்சியின் மேல் வந்து விழுகிறது.

இதைப் பார்த்துவிட்டுப் பலரும் சொல்லும் தீர்ப்பு ஒன்று உண்டு: "தமிழ் இழுவையான மொழி. ஆங்கிலத்தில் நாலு வார்த்தையில் சொல்வதைத் தமிழில் நாற்பது வார்த்தையில் சொல்ல வேண்டும்." இந்தத் தீர்ப்பு தவறு. குற்றம் மொழியின் மேல் இல்லை, படத்தின் நேரத்தைப் பார்க்காமல் எழுதப்பட்ட மொழிபெயர்ப்பின் மேல் இருக்கிறது.

முதலில் எதை எண்ணுவது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் பேச்சு வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை என்று கணக்கிடுவது வழக்கம். அந்தக் கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஏமாந்துபோவோம். 'ஐ வில் நாட் கம்' என்பது ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை, தமிழில் 'வரமாட்டேன்' என்று ஒரே வார்த்தை. ஆனால் வாயால் சொல்லும்போது இரண்டும் நான்கு ஒலித்துண்டுகள்தான். வேற்றுமை உருபு, காலம், எதிர்மறை, ஆள் எல்லாவற்றையும் சொல்லோடு ஒட்டிவிடுகிற மொழியில் வார்த்தைகளை எண்ணி ஒரு பயனும் இல்லை. உயிரொலிகளைத்தான் எண்ண வேண்டும்.

இதற்குத் தமிழ் எழுத்தே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மீதியை எண்ணினால் போதும். 'தண்ணீர்' என்றால் 'த', 'ணீ' என்று இரண்டு. கட்டளைக் கலித்துறை எழுதிய புலவர்கள் இப்படித்தான் ஒற்றை நீக்கி, அடிக்குப் பதினாறு அல்லது பதினேழு எழுத்து என்று எண்ணி எழுதினார்கள். விவரணை எழுதுபவருக்கும் அதே கணக்கு உதவும்.

இப்போது ஓர் உதாரணம். ஆப்பிரிக்க யானைகளைப் பற்றிய படம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வறண்ட நிலத்தில் கிழட்டுப் பெண் யானை முன்னே போக, கூட்டம் பின்னால் வருகிறது. ஆங்கில வரி இது: 'தி ஓல்ட் எலிஃபன்ட் லீட்ஸ் ஹெர் ஃபேமிலி டு வாட்டர்.' எட்டு வார்த்தை, பதின்மூன்று உயிரொலி. இதற்குப் படத்தில் இருக்கும் இடம் மூன்றரை நொடி. ஆங்கிலக் குரல் நொடிக்கு நாலுக்கும் குறைவான ஒலியோடு, வெகு நிதானமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர் இதை இப்படி எழுதுகிறார்: 'முதிய பெண் யானை தன் குடும்பத்தை நீர்நிலைக்கு வழிநடத்திச் செல்கிறது.' வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள். இதுவும் எட்டுதான்! அச்சில் பார்த்தால் குறையே இல்லாத மொழிபெயர்ப்பு. ஆனால் உயிரொலிகள் இருபத்துநான்கு. மூன்றரை நொடிக்குள் இதைச் சொல்ல நொடிக்கு ஏழு ஒலி வேகத்தில் ஓட வேண்டும். குரல் கொடுப்பவர் நொடிக்கு ஐந்து ஒலி என்ற நிதானத்தில் வாசிப்பவர் என்றால் அவருக்கு இந்த வரிக்கு 4.8 நொடி வேண்டும். மீதி 1.3 நொடிக்கு எங்கே போவார், பாவம்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தமிழ் ஒலிகள் எளிமையானவைதானே, வேகமாகச் சொன்னால் என்ன? கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த பிரான்சுவா பெல்லெக்ரினோ குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உரக்க வாசிக்கும்போது ஜப்பானியர்கள் நொடிக்கு ஏறக்குறைய 8 அசையும் ஆங்கிலேயர்கள் ஏறக்குறைய 6 அசையும் சொல்வதாகக் கண்டார்கள். ஜப்பானிய அசை ஒவ்வொன்றும் சுமக்கும் செய்தி குறைவு, அதனால் வேகத்தால் ஈடுகட்டிக்கொள்கிறது. 2019-இல் 17 மொழிகளை வைத்துச் செய்த ஆய்வும், மொழிக்கு மொழி வேகம் மாறினாலும் நொடிக்குக் கடத்தப்படும் செய்தியின் அளவு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது என்றது. அந்தப் பதினேழில் தமிழ் இல்லை. ஆனாலும் உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் தமிழும் ஆங்கிலத்தைவிடச் சற்று வேகமாகப் பேசப்படுவதில் வியப்பில்லை. தமிழின் இருபத்துநான்கு ஒலியும் ஒரே எடை உள்ளவையும் அல்ல. 'செல்கிறது' என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரைதான்.

ஆனால் 'சற்று வேகம்' வேறு, இரண்டு மடங்கு வேகம் வேறு. மேலும் விவரணப்படத்தின் குரல் சாதாரண வாசிப்பு வேகத்தில் போவதில்லை. பார்வையாளர் கண்ணால் படத்தையும் காதால் சொல்லையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே ஆங்கிலக் குரல் மெதுவாகப் போகிறது. அந்த நிதானம் தமிழ்ப் பார்வையாளருக்கு மட்டும் எதற்கு மறுக்கப்பட வேண்டும்?

சரி, வரியைச் சரிசெய்து பார்ப்போம். முதல் முயற்சி: 'மூத்த யானை குடும்பத்தைத் தண்ணீருக்குக் கூட்டிப்போகிறது.' பதினெட்டு ஒலி, 3.6 நொடி. கிட்டத்தட்ட வந்துவிட்டது, ஆனால் மூச்சு விட இடமில்லை. அடுத்த வரி உடனே தொடங்கினால் மறுபடியும் ஓட்டம்தான்.

இரண்டாம் முயற்சி: 'தண்ணீர் தேடி மூத்த யானை முன்னே நடக்கிறது.' பதினைந்து ஒலி, சரியாக மூன்று நொடி. அழகாகவும் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு பிழை நுழைந்துவிட்டது. கிழட்டு யானை தண்ணீரைத் தேடவில்லை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியும், பல வருட நினைவு அது. அந்த வரியின் சாரமே அதுதான். நேரத்துக்காகச் சுருக்கும்போது இப்படித்தான் பொருள் சத்தமில்லாமல் மாறிப்போகும். ஆங்கில வரியை மறுபடி எடுத்து, வினைச்சொல்லை வினைச்சொல்லோடு ஒப்பிட்டால் மட்டுமே இது பிடிபடும்.

மூன்றாம் முயற்சி: 'தண்ணீருக்கு மூத்த யானை வழிகாட்டுகிறது.' இதுவும் பதினைந்து ஒலி, மூன்று நொடி. அறிந்து வழிகாட்டுகிறது என்ற பொருள் நிற்கிறது, அரை நொடி மூச்சுக்கும் மிஞ்சுகிறது. 'குடும்பம்' போய்விட்டதே என்றால், அது திரையில் வரிசையாக நடந்து வந்துகொண்டிருக்கிறது! கண்ணுக்குத் தெரிவதைக் காதுக்கும் சொல்ல வேண்டியதில்லை. எதை விடலாம் என்று முடிவெடுக்க வேண்டியது அகராதியைப் பார்த்து அல்ல, படத்தைப் பார்த்து.

பெண் யானை என்பதும் விடுபட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹெர்' என்ற ஒரே ஒலி அந்த வேலையைச் செய்துவிட்டது. தமிழில் யானை எப்போதும் 'அது'தான். இது திரையில் தானாகத் தெரியாத செய்தி, எனவே தொலைக்கக் கூடாது. அடுத்த காட்சியில் ஐந்து நொடி குரல் இல்லாத இடம் இருந்தால், அதில் 'பெண் யானைதான் இங்கே தலைவி' என்று ஒன்பது ஒலியில், இரண்டு நொடிக்குள் சொல்லிவிடலாம். மூன்று நொடி மௌனம் மிஞ்சும். அந்த மௌனத்தையும் சொற்களால் நிரப்பிவிடக் கூடாது. அங்கே யானையின் காலடி ஓசையைக் கேட்கத்தான் இயக்குநர் குரலை நிறுத்தி வைத்திருக்கிறார்.

இன்னொரு சிக்கல் சொல் விழும் இடம். வரி முடியும் நேரத்தில் திரையில் குளம் தெரிகிறது என்றால் ஆங்கிலத்தில் 'வாட்டர்' என்ற சொல் சரியாக அதன் மேல் விழுகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் 'தண்ணீர்' முந்திக்கொண்டுவிடுகிறது. இதற்கு எழுத்துத் தமிழைக் கொஞ்சம் மறந்துவிட்டுப் பேச்சின் ஒழுங்கைக் கடன் வாங்கலாம்: 'மூத்த யானை வழிகாட்டுகிறது, தண்ணீருக்கு.' வீட்டில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். இலக்கணப் பிழையும் இல்லை.

நேரத்தை அதிகம் விழுங்குபவை என்று இரண்டைச் சொல்லலாம். ஒன்று, ஆண்டுகள். 'நைன்டீன் எய்ட்டி ஃபைவ்' ஐந்து ஒலி. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டில்' என்பது பதினைந்து. நூற்றாண்டு முன்பே தெரிந்திருந்தால் 'எண்பத்தைந்தில்' என்ற நான்கு ஒலி போதும். இல்லையென்றால் ஆண்டைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிடலாம். இரண்டு, அலுவலக நடை. 'ஆராய்ச்சி மேற்கொண்டனர்' ஏழு ஒலி, 'ஆராய்ந்தனர்' நான்கு. 'பயன்படுத்தப்பட்டு வருகிறது' பன்னிரண்டு, 'பயன்படுகிறது' ஏழு. தமிழ் இழுவை என்று சொல்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த அறிக்கை நடையைத்தான்.

எல்லாப் படத்துக்கும் இந்த வெட்டல் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மருந்தை எப்படி எடுத்துக்கொள்வது, தீ விபத்தில் எந்த வழியாக வெளியேறுவது என்று சொல்லும் படத்தில் எதையும் விட முடியாது. அங்கே மாற வேண்டியது படம்தான். காட்சியை இரண்டு நொடி நிறுத்தி வைக்கலாம், படப் பலகை என்றால் அதன் நேரத்தை நீட்டலாம். ஒருவர் திரையில் பேட்டி கொடுக்கும் இடத்தில் கதை இன்னும் இறுக்கம். அவருடைய சொந்தக் குரல் முதலில் ஒரு நொடி கேட்க வேண்டும், பிறகுதான் தமிழ் தொடங்கும், முடியும்போது அவர் வாயும் மூட வேண்டும். அங்கே ஆங்கிலத்துக்குக் கிடைத்த நேரம்கூடத் தமிழுக்குக் கிடைக்காது.

இதையெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் இன்றைய நோய். மைக்கின் முன் நிற்பவருக்கு இருக்கும் வழி இரண்டுதான்: வேகமாக வாசிப்பது, அல்லது கையில் கிடைத்த சொல்லை அடிப்பது. பதிவுக்குப் பிறகு கணினியில் குரலை இறுக்கினால் நெடில் எல்லாம் குறிலாகக் கேட்கும். மொழிபெயர்ப்பாளருக்கு வெறும் ஆங்கிலப் பிரதியை மட்டும் அனுப்பாமல் படத்தையும், ஒவ்வொரு வரியும் தொடங்கும் முடியும் நேரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அவரும் எழுதிய வரியைப் படத்தோடு சேர்த்து உரக்க வாசித்து, கடிகாரத்தைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். எண்ணிக்கை முதல் வடிகட்டி, வாய்தான் கடைசி நீதிபதி.

இந்தப் படங்களை அதிகம் பார்ப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள். மூச்சிரைக்கும் தமிழை வருடக்கணக்காகக் கேட்கும் பிள்ளை, அறிவியல் ஆங்கிலத்தில்தான் நிதானமாகப் பேசும், தமிழில் அது தடுமாறும் என்று தானே முடிவுகட்டிக்கொள்ளும். இருபத்துநான்கைப் பதினைந்தாக்க யாரோ ஒருவர் பத்து நிமிடம் உட்காராததால் வரும் முடிவு அது.