90 நாள் தாண்டிய பாக்கி

கிள்ளானில் என் மாமா வெங்காயம், பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறார். வெளியில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று கேட்டால் "62,000 ரிங்கிட்" என்று டக்கென்று சொல்வார். அதில் எவ்வளவு போன வாரச் சரக்கு, எவ்வளவு நாலு மாதம் பழையது என்று கேட்டால் பதில் வராது. அதைச் சொல்லும் ஏஜிங் ரிப்போர்ட் அவருடைய கணக்கு மென்பொருளிலேயே இருந்தது. யாரும் திறந்து பார்த்ததில்லை.

அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு வரி. அவர் தர வேண்டிய பணம், பில்லின் வயதுப்படி நான்கு கட்டங்களில் பிரிந்திருக்கும்: 30 நாள் வரை, 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கு மேல். வயதை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாமா தருவது 30 நாள் தவணை; ரிப்போர்ட் எண்ணுவதோ பில் தேதியிலிருந்து. அப்படியென்றால் முதல் கட்டத்தில் உள்ளது கெடு தாண்டாத பணம்.

மாமா வாராவாரம் துரத்தியது 9,400 ரிங்கிட் பாக்கி வைத்த ஓர் உணவகத்தை. அதில் 8,000 முதல் கட்டத்தில்தான் இருந்தது. 2,300 மட்டும் தர வேண்டிய ஒரு மளிகைக் கடையை அவர் கவனிக்கவே இல்லை. அந்தப் பணம் முழுக்கக் கடைசிக் கட்டத்தில். கடைக்காரர் நாலு மாதமாகச் சரக்கும் எடுக்கவில்லை. "சின்னப் பாக்கிதானே, வந்துடும்னு இருந்தேன்மா" என்றார். பழைய பாக்கியும் வைத்து, வாங்குவதையும் நிறுத்தியவருக்குத்தான் முதல் போன் போக வேண்டும்.

ஆனால் போனை எடுக்கும் முன் அந்த வரியை முழுக்கப் படிக்க வேண்டும். இன்னொரு கடைக்குக் கடைசிக் கட்டத்தில் 1,850 இருந்தது. அதே வரியில் முதல் கட்டத்தில் மைனஸ் 1,850. அவர் எப்போதோ பணம் போட்டுவிட்டார், அதை எந்த பில்லோடும் சேர்க்காமல் பதிந்திருக்கிறார்கள். அவரை அழைத்துக் கேட்டிருந்தால் நல்ல வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டிருப்பார்.

உணவகத்தின் மீதி 1,400-ம் ஒரே பில், மூன்றாம் கட்டத்தில். அதற்குப் பின் வந்த சில பில்களைக்கூடக் கட்டிவிட்டு இதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். அப்படி இருந்தால் பெரும்பாலும் ஏதோ புகார் இருக்கும். விசாரித்தால், ஈரமான மிளகாய் மூட்டைகளை லோரியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மாமா கிரெடிட் நோட் போடவில்லை. 480 ரிங்கிட்டுக்குப் போட்டதும் மீதி 920 அதே வாரம் வந்தது.

மளிகைக் கடைக்காரரிடம் "எப்போ தருவீங்க?" என்று மாமா கேட்கவில்லை. பில் எண், தேதி, தொகையைச் சொன்னார். கடைக்காரர் கையெழுத்திட்ட டெலிவரி ஆர்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எந்தத் தேதியில் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று தவணை என்று முடிவானது. 800, 800 வந்துவிட்டது. மீதி 700 வரும்வரை அந்தக் கடைக்குக் கைக்காசுக்குத்தான் சரக்கு இறக்க வேண்டும் என்று லோரி ஓட்டுநரிடம் சொல்லிவைத்திருக்கிறார்.