முதலில் பந்தியா, வினாவா?

கிரகித்தல் வினா கைக்கு வந்ததும் முதலில் எதை வாசிப்பது? எங்கள் வகுப்பில் பாதிப்பேர் வினாக்களை என்பார்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டு பந்திக்குள் போனால் நேரம் மிச்சம் என்பது அவர்களது வாதம். நான் பந்தியையே முதலில் வாசிக்க வேண்டும் என்ற கட்சி. காரணத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

இப்படி ஒரு சிறு பந்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

"1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். ஆயினும் தோட்டச் சொந்தக்காரர் பலர் கோப்பியையே நம்பியிருந்தனர். இலைத்துரு நோய் பரவிக் கோப்பிச் செடிகள் அழியத் தொடங்கிய பின்னரே அவர்கள் தேயிலையை நாடினர்."

வினா இது: தோட்டச் சொந்தக்காரர் தேயிலைக்கு மாறியது ஏன்?

வினாவை முதலில் வாசித்தவரின் கண் 'தேயிலை' என்ற சொல்லைத் தேடும். அது முதல் வரியிலேயே கிடைத்துவிடும். "ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டதால்" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். ஆனால் விடை இருப்பது மூன்றாம் வரியில். 'ஆயினும்' என்ற சொல்லில் பந்தி திரும்புகிறது. முழுவதையும் வாசித்தவருக்கு மட்டுமே அந்தத் திருப்பம் தெரியும். பொருத்தமான தலைப்புக் கேட்டாலும் இதே கதைதான். தேடியவர் 'ஜேம்ஸ் டெய்லர்' என்பார். வாசித்தவர் 'கோப்பியிலிருந்து தேயிலைக்கு' என்பார்.

நேரம் போய்விடாதா என்று கேட்கலாம். முந்நூறு சொற்கள் கொண்ட பந்தியை நிதானமாக வாசிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். வினாக்களில் தொடங்கினால் ஐந்தாவதை வாசிக்கும்போது முதலாவது மறந்துவிடும். பிறகு ஒவ்வொரு வினாவுக்கும் பந்தியை மேலிருந்து கீழாகத் துழாவ வேண்டிவரும். ஒருமுறை முழுதாக வாசித்தவருக்கோ எந்த விடயம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது நினைவிருக்கும். அந்த வரிக்கு மட்டும் திரும்பிப் போய் விடையைச் சரிபார்த்தால் போதும்.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்கிறேன். அறிவித்தல், விளம்பரம், புகையிரத நேர அட்டவணை போன்றவற்றில் வினாவையே முதலில் வாசிக்கலாம். அவற்றில் தொடர்ந்து செல்லும் கருத்து இல்லை. வேண்டிய ஒரு தகவலை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

மற்றப் பந்திகளுக்கு நான் செய்வது இதுதான். வாசித்து முடித்ததும் கையால் பந்தியை மறைத்துக்கொண்டு, அது என்ன சொல்கிறது என்று ஒரே வசனத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வந்தால் வினாக்களுக்குப் போவேன். வராவிட்டால் 'ஆனால்', 'ஆயினும்', 'எனவே' என்று தொடங்கும் வசனங்களை மட்டும் மீண்டும் வாசிப்பேன். பெரும்பாலும் பந்தியின் கருத்து அங்கேதான் இருக்கும்.

வீட்டில் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கும் உம்மாமாரும் வாப்பாமாரும் இதைச் செய்து பார்க்கலாம். வினாக்களை மடித்து வைத்துவிட்டு, "இந்தப் பந்தி என்ன சொல்லுது?" என்று மட்டும் முதலில் கேளுங்கள்.