ஒரு வருஷம் எங்கேம்மா போனே?

தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.காம். முடித்துவிட்டு, கடலூரில் ஒரு வாகன விற்பனை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய இரண்டு வருடம் வேலை. 2024 மார்ச் மாதத்தோடு உடம்பு சரியில்லாமல் நின்றுவிட்டாள். சிகிச்சை, ஓய்வு என்று ஒரு வருடம் ஓடிவிட்டது. கடைசி நான்கு மாதம் வீட்டில் சும்மா இருக்காமல் டாலி, ஜி.எஸ்.டி. பயிற்சியும் முடித்தாள். இப்போது மறுபடியும் வேலை தேடுகிறாள்.

பயோடேட்டாவில் அந்த ஒரு வருடம் ஓட்டையாக நிற்கிறது. என்ன நோய் என்பதை அவள் வெளியே சொல்ல விரும்பவில்லை. என்ன செய்யலாம்?

வீட்டில் முதலில் வரும் யோசனை இதுதான். "பழைய கம்பெனியில டிசம்பர் வரைக்கும் இருந்தேன்னு போட்டுக்கோ. யாரு போய்ப் பார்க்கப் போறாங்க?" என்பார் அண்ணன்.

பார்ப்பார்கள். பி.எஃப். பிடித்த வேலை என்றால் அவளுடைய யு.ஏ.என். எண்ணில் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தாள், எப்போது விலகினாள் என்பது பதிவாகியிருக்கும். பாஸ்புக்கில் மாதவாரியாகப் பணம் கட்டிய விவரமும் இருக்கும். புது நிறுவனம் அந்த எண்ணைக் கேட்கும்போது, மார்ச்சுக்குப் பிறகு பணம் வரவில்லை என்பது தெரிந்துவிடும். உடம்பு சரியில்லாமல் இருந்ததற்காக வேலை மறுக்காதவர்கள்கூட, தேதியை மாற்றியதற்காக மறுத்துவிடுவார்கள்.

"படிச்சுக்கிட்டிருந்தேன்னு சொல்லிடு" என்பது அடுத்த யோசனை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் உண்மையிலேயே படித்திருந்தால் அதைத் தாராளமாகச் சொல்லலாம். மதிப்பெண் பட்டியல் சாட்சி சொல்லும். நான்கு மாதப் பயிற்சியை ஒரு வருடப் படிப்பாக நீட்டினால், சான்றிதழில் இருக்கும் தேதியே காட்டிக்கொடுத்துவிடும். ஊர் சுற்றப் போனேன் என்று சொன்னாலும் இதே கதைதான். எந்த ஊர், எத்தனை நாள் என்று அடுத்த கேள்வி வரும்.

ஆகவே அவள் செய்ய வேண்டியது, காரணத்தின் தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே இருப்பதைச் சொல்லாமல் விடுவது. பயோடேட்டாவில் இரண்டு வரி போதும்:

"ஏப்ரல் 2024 – மார்ச் 2025: உடல்நலக் காரணத்தால் பணி இடைவெளி. இதில் கடைசி நான்கு மாதம் டாலி, ஜி.எஸ்.டி. பயிற்சி, தற்போது முழுநேர வேலைக்குத் தயார்."

இப்படி எழுதுவது இப்போது புதிதல்ல. லிங்க்ட்இன் தளமே 2022-ல் பணி இடைவெளியைக் குறிப்பிடத் தனி இடம் ஒதுக்கியது. உடல்நலம், பயணம், குடும்பத்தினரைக் கவனித்தல் என்று காரணங்களைத் தேர்வு செய்யலாம். எந்த நோய் என்று அங்கே கேட்பதில்லை.

நேர்காணலில்தான் சிக்கல். மேலாளர் அக்கறையாகவே கேட்பார்.

"ஒரு வருஷம் எங்கேம்மா போனே?"

"உடம்பு சரியில்லாம இருந்தேன் சார். சிகிச்சை எடுத்து இப்ப நல்லா இருக்கேன். கடைசி நாலு மாசம் ஜி.எஸ்.டி. பயிற்சி முடிச்சேன்."

"அப்படியா! என்ன உடம்புக்கு?"

"அது என் சொந்த விஷயம் சார். வேலைக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மாசக் கடைசியில கணக்கு முடிக்கிற நேரத்துல லேட்டா இருக்கணும்னாலும் முடியும். மூணு மாசத்துக்கு ஒரு நாள் மட்டும் செக்கப் இருக்கு, முன்னாடியே சொல்லிடுவேன்."

இந்தப் பதிலில் நோய் இல்லை. ஆனால் முதலாளிக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இருக்கிறது. அவர் உண்மையில் பயப்படுவது நோயின் பெயருக்கு அல்ல. இந்தப் பெண் தினமும் வருவாளா, பாதியில் நின்றுவிடுவாளா என்பதற்குத்தான். அதற்கு நேராகப் பதில் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். லேட்டாக இருக்க முடியாது என்றால் முடியும் என்று சொல்லக் கூடாது. "ஆறு மணிக்குக் கிளம்பணும் சார்" என்பதுவரைதான் சொல்ல வேண்டும். ஏன் என்பது அவளுடையது.

இதில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். பதில் சொன்ன பிறகு வரும் மௌனம் தாங்காமல், "ஒரு சின்ன ஆபரேஷன்..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். எங்கே, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று அது நீளும். ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாலே போதும், சில சமயம் நோயைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சான்றிதழிலும் இதே கவனம் வேண்டும். தகுதிச் சான்று கேட்டால், டிஸ்சார்ஜ் சம்மரியை நகலெடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. அதில் நோய், மருந்து எல்லாம் இருக்கும். இன்ன தேதியிலிருந்து வேலை செய்ய உடல்தகுதி உண்டு என்று மட்டும், கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டு டாக்டரிடம் வாங்கலாம். தனிச்சிறப்பு மருத்துவமனையின் லெட்டர்பேடில் இருந்தால், தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும். அதனால் ரிப்போர்ட்களைப் பொது மருத்துவரிடம் காட்டி, அவர் பரிசோதித்துத் தரும் சான்றை வாங்குவது நல்லது.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித்தான் ஆக வேண்டுமா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நீரா மாத்தூர் என்ற பெண் எல்.ஐ.சி.யில் உதவியாளராகத் தேர்வானார். சேரும்போது கொடுத்த படிவத்தில் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றிய கேள்விகள் இருந்தன. பிறகு அவர் மகப்பேறு விடுப்பில் போனபோது, படிவத்தில் தவறான தகவல் கொடுத்தார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. அப்படிப்பட்ட கேள்விகள் ஒரு பெண்ணின் சுயமரியாதையைப் பாதிப்பவை, படிவத்திலிருந்து நீக்குங்கள் என்றும் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

ஆனால் எல்.ஐ.சி. அரசு நிறுவனம். தனியார் முதலாளியிடம் இந்தத் தீர்ப்பை நீட்டிச் சண்டை போட முடியாது. அங்கே பணிவாகச் சொல்லும் பதில்தான் கை கொடுக்கும்.

சொல்லாமல் விடக் கூடாத இடங்களும் உண்டு. இந்தப் பெண்ணுக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், உற்பத்திப் பிரிவில் வேலை கிடைக்கிறது என்றால், அங்கே மருத்துவப் பரிசோதனை இருக்கும். அந்த டாக்டரிடம் மறைத்தால் ஆபத்து அவளுக்கே. தனியாக மருத்துவக் காப்பீடு எடுக்கும்போதும், ஏற்கெனவே இருந்த நோயைக் கேட்டால் உள்ளதை எழுத வேண்டும். மறைத்தால், பின்னால் கிளைம் கேட்கும் நாளில் மறுத்துவிட இடம் கொடுத்த மாதிரி ஆகும். இந்த விவரம் டாக்டருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உரியது. பக்கத்து இருக்கைக்காரருக்கோ மேலாளருக்கோ அல்ல.

நேர்காணலுக்கு முந்தின நாள் அவள் செய்ய வேண்டிய ஒத்திகை சின்னதுதான். அத்தையையோ அக்காவையோ எதிரே உட்காரவைத்து, "என்ன உடம்புக்கு?" என்று மூன்று தடவை கேட்கச் சொல்ல வேண்டும். மூன்று தடவையும் பதில் ஒரே மாதிரி வந்து, அதோடு நின்றுவிட்டால் தயார். மூன்றாவது தடவை "அது வந்து..." என்று நீண்டால், இன்னொரு தடவை கேட்கச் சொல்ல வேண்டியதுதான்.